முதலாளியின் கண் முதலில் எங்கே விழுகிறது?

திருப்பூரில் நடுத்தர அளவில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கற்பனை, எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆனால் நிலைமை அந்த ஊரில் தொழில் செய்கிற யாருக்கும் பழகியதுதான். எம்.டி. மேஜைக்குத் தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு பக்க அறிக்கை வந்துவிடும். ஆபீசில் அதை டாஷ்போர்டு என்பார்கள். இடது மேல் மூலையில் கம்பெனி லோகோ, பக்கத்தில் பெயரும் தேதியும். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் போன மாத விற்றுமுதல். அடுத்த வரிசையில் கார் ஸ்பீடோமீட்டர் மாதிரி நான்கு முள் மீட்டர்கள். பிறகு எந்த நாட்டுக்கு எவ்வளவு ஏற்றுமதி என்று பல வண்ணங்களில் ஒரு வட்டப்படம். இப்படியே பதினான்கு கட்டங்கள். கடைசியாக வலது கீழ் மூலையில், பொடி எழுத்தில், ‘ஷிப்மென்ட் நிலவரம்’ என்று ஒரு அட்டவணை.

எம்.டி. பக்கத்தை எடுத்துப் பார்க்கிறார், கீழே வைக்கிறார், போனை எடுத்து மெர்ச்சண்டைசரைக் கூப்பிடுகிறார்.

“ஏப்பா, ஆஸ்திரேலியா ஆர்டர் தேதிக்குப் போயிருமா?”

“போயிருமுங்க சார்.”

அந்தக் கேள்விக்கான பதில் அவர் கையில் இருந்த பக்கத்திலேயே இருந்தது. “போகாது” என்பதுதான் பதில். வலது கீழ் மூலை வரைக்கும் அவர் கண் போகவில்லை, அவ்வளவுதான்.

இதை அவருடைய பொறுமையின்மை என்று தள்ளிவிட முடியாது. நம் கண்ணின் கூர்மையான பார்வை மிகவும் குறுகியது. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த விரலின் அகலம் அளவுக்குத்தான் ஒரு நேரத்தில் எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். ஒரு பக்கத்தைப் பார்ப்பது என்றால் இந்தச் சின்ன வட்டத்தை இங்கும் அங்கும் தாவ விடுவதுதான். அடுத்த தாவல் எங்கே என்பதை மங்கலாகத் தெரிகிற பகுதியில் எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அது தீர்மானிக்கிறது. பெரிதாக இருப்பது, நிறத்தில் தனித்திருப்பது, சுற்றிலும் வெற்றிடம் விட்டு நிற்பது ஆகியவை கண்ணை இழுக்கும். எதுவும் இழுக்காவிட்டால் பழக்கம் இழுக்கும். தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண், இடது மேல் மூலையில் தொடங்கும்.

டாஷ்போர்டு வடிவமைப்பைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஸ்டீபன் ஃபியூ. 2006-ல் வெளிவந்த ‘இன்ஃபர்மேஷன் டாஷ்போர்டு டிசைன்’ என்ற நூலில் அவர் பக்கத்தை இடங்களாகப் பிரித்துக் காட்டுகிறார். இடது மேல் பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் கவனம் அதிகம், வலது கீழ்ப் பகுதிக்கு மிகக் குறைவு. நடுப்பகுதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: சுற்றிலும் வெற்றிடம் இருந்தால்தான் அது எடுபடும். பதினான்கு கட்டங்கள் நெருக்கியடித்து நிற்கிற பக்கத்தில் நடுப்பகுதி என்பது இன்னொரு கட்டம், அவ்வளவே. ஆக, நம்பி வைக்கக்கூடிய ஒரே நல்ல மனை இடது மேல் மூலைதான். அதில் லோகோ குடியிருக்கிறது. எம்.டி.க்குத் தன் கம்பெனியின் பெயர் தெரியாதா என்ன?

லோகோவை எடுத்துவிடலாம். ஆனால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் உண்மையான வேலை. வரைபடம் போடுகிற பையன் தீர்மானிக்க வேண்டியதில்லை இது. எம்.டி.யிடம் கேட்டால் “எல்லாமே முக்கியம்தானே?” என்பார். துறைத் தலைவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கணக்குப் பிரிவுக்கு வர வேண்டிய பணம், தரப் பிரிவுக்கு ரிஜெக்‌ஷன் சதவீதம், எச்.ஆருக்கு ஆள் வரத்து. யார் மனமும் கோணாமல் எல்லாவற்றுக்கும் சம அளவில் கட்டம் போட்டால், கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

நான் கண்டவரை பயன்படுகிற கேள்வி வேறு. “இன்றைக்குக் காலையில் உங்களுக்கு ஒரே ஒரு எண்தான் தெரியும் என்றால், எந்த எண் தெரிந்தால் இன்றைக்கே ஒரு வேலையை மாற்றிச் செய்வீர்கள்?” இதில் கடைசிப் பாதிதான் சல்லடை. போன மாத விற்றுமுதல் அதில் முதலில் சலிந்து கீழே போய்விடும். அது முடிந்த கதை. அது கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் இன்று காலை ஒன்பது மணிக்கு எம்.டி. செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆடிட்டருக்கும் பேங்குக்கும் அது வேண்டும், தினசரிப் பக்கத்தின் தலைமாட்டில் வேண்டியதில்லை.

ஏற்றுமதியாளருக்கு நெஞ்சில் நெருப்பாக இருப்பது ஷிப்மென்ட் தேதி. தேதி தவறினால் பையர் விலையில் தள்ளுபடி கேட்பார், அல்லது சரக்கை விமானத்தில் அனுப்பச் சொல்வார். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய பெட்டிகள் விமானம் ஏறினால், அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். அந்த ஆர்டரில் வர வேண்டிய லாபம் அதோடு சரி. எனவே தேதி சம்பந்தப்பட்ட எண்தான் தலைமாட்டுக்கு வர வேண்டும் என்று பலரும் சரியாகவே முடிவு செய்கிறார்கள். ஆனால் அடுத்த அடியில் சறுக்குகிறார்கள். ‘போன மாதம் தேதிக்குப் போனவை 91 சதவீதம்’ என்று போடுகிறார்கள். அதுவும் முடிந்த கதைதான். மீதி 9 சதவீதத்தை இனி யாரும் காப்பாற்ற முடியாது.

காப்பாற்ற முடிகிற எண் இது: அடுத்த நான்கு வாரங்களில் அனுப்ப வேண்டிய ஆர்டர்களில், இப்போது ஓடுகிற வேகத்திலேயே ஓடினால் தேதி தவறப்போகிறவை எத்தனை பீஸ்? நம் நிறுவனத்தில் அந்த நான்கு வாரத்துக்கு 11 ஆர்டர்கள், மொத்தம் 2,40,000 பீஸ். அதில் 62,000 பீஸ் தேதி தவறும். இந்த 62,000-தான் தலைப்பு எண்.

இதைக் கணக்கிடப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24,000 பீஸ். இதுவரை தைத்தது 9,000. இன்னும் 15,000 பாக்கி. இரண்டு லைன்கள் தைக்கின்றன, ஒரு லைனுக்கு நாளொன்றுக்கு 750 வீதம் 1,500 பீஸ். ஆக, தையலுக்கு இன்னும் 10 நாள். கடைசி பீஸ் தைத்து முடிந்த பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிய 3 நாள். மொத்தம் 13 நாள். ஃபேக்டரியை விட்டு லாரி கிளம்ப வேண்டிய தேதிக்கு இன்னும் 10 வேலை நாள்தான் இருக்கிறது. 3 நாள் தாமதம். எக்செல்லில் இதற்கு ஒரு வரி போதும். B மொத்த பீஸ், C தைத்தது, D நாள் வேகம், E லாரி கிளம்ப வேண்டிய தேதி:

```
=ROUNDUP((B2-C2)/D2,0)+3-NETWORKDAYS.INTL(TODAY(),E2,11)
```

இந்த வரியில் 11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதைக் குறிக்கிறது. தீபாவளி, பொங்கல் விடுமுறைத் தேதிகளை வேறொரு இடத்தில் எழுதி, அந்த வரம்பை 11-க்கு அடுத்து நான்காவதாகச் சேர்த்துவிட வேண்டும். இதை மறந்தால் தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்களையெல்லாம் எக்செல் மிஷினில் உட்கார வைத்துவிடும். விடை பூஜ்யத்துக்கு மேல் வந்தால் அத்தனை நாள் தாமதம். பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் அத்தனை நாள் கையிருப்பு. விடைகள் F பத்தியில் இருந்தால், தலைப்பு எண் இன்னொரு வரி:

```
=SUMIF(F2:F12,">0",B2:B12)
```

இந்தக் கணக்கின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தையல்தான் கழுத்தை நெரிக்கிற இடம் என்று அது நம்புகிறது. துணியே இன்னும் சாயப்பட்டறையிலிருந்து வரவில்லை என்றால் நாள் வேகம் பூஜ்யம், எக்செல் #DIV/0! என்று பிழை காட்டும். அப்படிப்பட்ட ஆர்டருக்குத் திட்டமிட்ட வேகத்தைப் போட்டு, துணி வர ஆகும் நாளையும் கூட்ட வேண்டும். நம் 11 ஆர்டர்களில் 30,000 பீஸ் ஆர்டர் ஒன்று இந்த வகை. இன்னொரு 8,000 பீஸ் ஆர்டர் தையல் முடிந்தும் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றுவிட்டது. மறு செக்கிங் நடப்பதால் அதற்கு 3 நாள் என்பது போதாது. இந்த மூன்றும் சேர்ந்துதான் 62,000. போன திங்கட்கிழமை இது 38,000-ஆக இருந்தது. இந்த வாரம் புதிதாகச் சேர்ந்தது நாம் கணக்குப் போட்ட 24,000 பீஸ் ஆர்டர்.

இப்போது பக்கத்துக்கு வருவோம். ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். மேலே ஒரே ஒரு பொடி வரியில் தேதியும், தகவல் எத்தனை மணி நிலவரம் என்பதும். அதற்குக் கீழே, இடப்பக்கம், தாளின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே எண்ணுக்கு. 62,000 என்பதை 72 பாயின்ட்டில் போடுங்கள். அச்சில் எண்ணின் உயரம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் வரும். பக்கத்தின் வேறெந்த எண்ணும் 20 பாயின்ட்டைத் தாண்டக் கூடாது. இந்த இடைவெளி முக்கியம். தலைப்பு எண் 28, மற்றவை 22 என்று போட்டால் வித்தியாசத்தை நீங்கள் உணர்வீர்கள், கண் உணராது.

எண்ணைச் சில்லறை இல்லாமல் போடுங்கள். 61,874 என்று எழுதினால் அந்த 874-ஐப் படிக்க அரை நொடி போகிறது, முடிவு மாறப்போவதில்லை. எண்ணுக்குக் கீழே 14 பாயின்ட்டில் முழு வாக்கியம்: ‘பீஸ் தேதி தவறும் — 11 ஆர்டரில் 3’. அதற்கும் கீழே: ‘போன திங்கள் 38,000’. இந்த இரண்டு வரியும் இல்லாவிட்டால் 62,000 நல்லதா கெட்டதா, கூடுகிறதா குறைகிறதா என்று எதுவும் தெரியாது. எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு ஒப்பீட்டை விட்டுவிடுவது, நான் பார்த்த அறிக்கைகளில் அடிக்கடி வருகிற குறை.

அந்த எண்ணைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை வெற்றிடம் விடுங்கள். பெட்டி, நிழல், பின்னணி நிறம் எதுவும் வேண்டாம். வெற்றிடத்தைப் பார்த்ததும் “இங்க இன்னொரு சார்ட் போடலாமே சார்” என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். அந்த வெற்றிடம்தான் கண்ணைக் கூப்பிடுகிறது.

வலப்பக்கம், மீதி ஐந்தில் மூன்று பங்கில், அந்த எண் எதனால் வந்தது என்பதற்கான பதில். 11 ஆர்டரும் 11 வரிகள். பெயர் வரிசையிலோ ஆர்டர் எண் வரிசையிலோ அடுக்க வேண்டாம். தாமதம் அதிகமானது மேலே, கையிருப்பு நாள் அதிகமானது கீழே. ஒவ்வொரு வரியிலும் பையருக்கு ஆபீசில் வழங்குகிற பெயர், பீஸ், தாமத நாளைக் காட்டுகிற ஒரு பட்டை, காரணம் ஒரே சொல்லில்: ‘தையல்’, ‘துணி’, ‘இன்ஸ்பெக்‌ஷன்’. பட்டைகள் எல்லாம் ஒரே நடுக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும். தாமதம் வலப்பக்கமாக, கையிருப்பு இடப்பக்கமாக.

பட்டை ஏன், வட்டப்படமோ முள் மீட்டரோ ஏன் கூடாது என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் வரைபடத்திலிருந்து அளவை எவ்வளவு சரியாகக் கணிக்கிறார்கள் என்று சோதித்தார்கள். ஒரே கோட்டிலிருந்து அளக்கப்படும் இடத்தையும் நீளத்தையும் ஒப்பிடும்போது தவறு குறைவு. கோணத்தை ஒப்பிடும்போது தவறு கூடுகிறது, பரப்பளவு என்றால் இன்னும் கூடுகிறது. வட்டப்படம் கோணத்தையும் பரப்பையும் நம்பியிருக்கிறது. முள் மீட்டர் கோணத்தை நம்பியிருப்பதோடு, ஒரே ஒரு எண்ணைச் சொல்ல உள்ளங்கை அளவு இடத்தைச் சாப்பிடுகிறது. அந்த இடத்தில் பட்டைகளாகப் போட்டால் ஐந்தாறு ஆர்டர்கள் அடங்கும்.

இந்த அடுக்கின் பலன், படிக்கிறவர் அதை எப்படிப் படிக்கிறார் என்பதில் தெரியும். எம்.டி. 62,000-ஐப் பார்க்கிறார். கண் வலப்பக்கம் நகர்ந்து மேல் வரிகளில் விழுகிறது. நீளமான பட்டை அந்த 30,000 பீஸ், காரணம் ‘துணி’. அதற்கு அவர் சாயப்பட்டறைக்குப் போன் போட வேண்டும். அடுத்தது 24,000 பீஸ், 3 நாள் தாமதம், காரணம் ‘தையல்’. இங்கே ஒரு லைன் கூடுதலாகக் கொடுத்தால்? நாளுக்கு 2,250 பீஸ், 15,000 பீஸுக்கு 7 நாள், கூட 3 நாள், மொத்தம் 10. சரியாகத் தேதிக்குள். அந்த லைனை எங்கிருந்து எடுப்பது? கண் பட்டியலின் கடைசி வரிக்கு இறங்குகிறது. அங்கே ஒரு ஆர்டருக்கு 9 நாள் கையிருப்பு இருக்கிறது. அதன் லைனை ஒரு வாரம் இரவல் வாங்கலாம். பக்கத்தின் ஒரே பார்வையில் சிக்கலும் தெரிகிறது, அதை அவிழ்க்கிற நூல் முனையும் தெரிகிறது. பெயர் வரிசையில் அடுக்கியிருந்தால் இந்த இரண்டு வரிகளும் எங்கெங்கோ கிடந்திருக்கும்.

மற்ற எண்கள் பக்கத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குப் போகின்றன. அவற்றிலும் தலைப்பு எண்ணை நாளைக்குக் கெடுக்கக்கூடியவை முதலில்: இன்றைய ஆள் வரத்து, தையல் ரிஜெக்‌ஷன், சாயப்பட்டறையில் நிற்கிற துணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும், கடந்த ஆறு வாரப் போக்கைக் காட்டுகிற ஒரு சின்னக் கோடும் போதும். எக்செல் 2010-லிருந்தே ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற அப்படிப்பட்ட கோட்டைத் தானே வரைந்து தருகிறது, ஸ்பார்க்லைன் என்று பெயர். வர வேண்டிய பணமும் விற்றுமுதலும் கடைசி வரி. கணக்குப் பிரிவுக்கு வருத்தம் இருக்கும். பணம் முக்கியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அது வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியது, அதற்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, சாம்பல் பட்டைகள். சிவப்பு ஒரே ஒரு வேலைக்கு: தேதி தவறுவதற்கு. தலைப்பு எண்ணும் தாமதமான மூன்று பட்டைகளும் மட்டும் சிவப்பு. பச்சையே வேண்டாம், சரியாக இருப்பதைச் சாம்பல் சொல்லிவிடும். சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றையும் பக்கமெங்கும் தெளித்துவிட்டு, ஆள் வரத்து 2 சதவீதம் குறைந்ததற்கும் சிவப்பு, 30,000 பீஸ் நிற்பதற்கும் சிவப்பு என்று போட்டால் இரண்டும் ஒரே எடை ஆகிவிடுகின்றன. ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. தவிரவும், ஆபீஸ் பிரின்டரில் பெரும்பாலும் கறுப்பு மைதான் இருக்கும். அதனால் பட்டையின் முனையில் ‘3 நாள் தாமதம்’ என்று எழுத்திலும் இருக்கட்டும்.

இதெல்லாம் தாளுக்கு. எம்.டி. அதைத் தாளில் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் பார்க்கிறவராக இருந்தால் கணக்கு மாறும். ஏ4 படுக்கை வாட்டில் 29.7 சென்டிமீட்டர் அகலம். நிமிர்த்திப் பிடித்த போன் திரை சுமார் 7 சென்டிமீட்டர். பக்கம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகிறது. 72 பாயின்ட் எண் 17 பாயின்ட் ஆகிறது, படிக்கலாம். 20 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட்டுக்கும் கீழே போகிறது, பெரிதாக்காமல் படிக்க முடியாது. இப்படிப்பட்டவருக்குப் பக்கத்தை நெடுக்கு வாட்டில் அமைத்து, எண்ணைத் திரையின் முழு அகலத்துக்கும் மேலே வைத்து, அதற்கு நேர் கீழே தாமதமான ஆர்டர்களையும் கையிருப்பு அதிகமான ஒரு ஆர்டரையும் மட்டும் காட்டினால் போதும். பவர் பிஐ போன்ற மென்பொருளில் போனுக்கென்று தனி அடுக்கு அமைக்க வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் கணினித் திரைக்குப் போட்டதையே போனில் திறந்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்த இடமும் அளவும் அங்கே கைகொடுக்காது.

பக்கம் தயாரானதும் சோதிக்க வேண்டும். அதைத் தயாரித்தவர் சோதிக்கக் கூடாது, அவருக்கு எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, எழுத்து கலங்கிய பிறகும் முதலில் தெரிவது 62,000 தானா என்று பார்ப்பது ஒரு வழி. இன்னும் நல்லது, இந்த அறிக்கையை முன்னே பார்க்காத ஒருவரிடம் ஐந்து நொடி காட்டிவிட்டுத் தாளைக் கவிழ்த்து, “என்ன பார்த்தீங்க?” என்று கேட்பது. “ஏதோ அறுபதாயிரம் பீஸ் லேட்டாகுதுங்க” என்றால் பக்கம் வேலை செய்கிறது. “நிறைய சார்ட் இருந்துச்சுங்க, நல்லா இருந்துச்சு” என்றால் மறுபடி உட்கார வேண்டும்.

ஆனால் உண்மையான சோதனை அடுத்தடுத்த வாரங்களில், காலைக் கூட்டத்தில் நடக்கிறது. பக்கத்தைப் பார்த்ததும் எம்.டி. கேட்கிற முதல் கேள்வியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். “துணி எப்ப வருது?” என்று கேட்டால் எண் அவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகிறது. திரும்பத் திரும்ப “பேங்க் லிமிட் எவ்வளவு பாக்கி இருக்கு?” என்று கேட்டால், அவர் மனதில் முதலாவதாக இருப்பது வேறு எண். வடிவமைப்பில் குறை இல்லை, தேர்வில் குறை. நூல் விலை ஏறி, கையில் பணம் இறுகுகிற காலத்தில் அப்படி ஆவது இயல்புதான். அப்போது தலைப்பு எண்ணை மாற்றலாம். ஆனால் ஒரு நாள் கேட்டார் என்று மறுநாளே மாற்றக் கூடாது. இடம் தினமும் மாறினால் கண்ணுக்குப் பழக்கம் வராது. அதே காரணத்தால், எந்த ஆர்டரும் தாமதம் இல்லாத வாரங்களிலும் அந்த இடத்தில் கறுப்பு நிறத்தில் 0 நிற்க வேண்டும். இன்று இடம் காலியாக இருக்கிறதே என்று வேறு எண்ணைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

ஒரு எண்ணைத் தலைமாட்டில் வைத்தால், அதைக் குறைத்துக் காட்டுகிற ஆசையும் கூடவே வரும். லைன் சூப்பர்வைசர் நாள் வேகத்தை 750-க்குப் பதில் 900 என்று எழுதினால், வேலை நடக்காமலே தாமதம் குறையும். இதைப் பிடிப்பது எளிது: எழுதிய வேகத்தையும், பேக்கிங்கில் எண்ணிய பீஸையும் வாரம் ஒருமுறை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இன்னொரு வழி நுட்பமானது. மெர்ச்சண்டைசர் பையரிடம் பேசி ஒரு வாரம் தள்ளி வாங்கிவிட்டு, ஷீட்டில் தேதியை மாற்றிவிடுவார். 62,000 ஒரே இரவில் 32,000 ஆகிவிடும். பொய் ஒன்றும் இல்லை, பையர் ஒப்புக்கொண்டதுதான். ஆனால் அந்தத் தாமதம் நடந்தது என்பதற்கான தடயமே பக்கத்திலிருந்து போய்விடும். எம்.டி. சாயப்பட்டறைக்குப் போன் போடவும் மாட்டார்.

ஆகவே ஆர்டர் வந்தபோது ஒப்புக்கொண்ட முதல் தேதியை ஒரு தனிப் பத்தியில் பூட்டி வையுங்கள். திருத்திய தேதி பக்கத்துப் பத்தியில் இருக்கட்டும், தாமதக் கணக்கு அதை வைத்தே ஓடட்டும். தலைப்பு எண்ணுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு பொடி வரி மட்டும் சேருங்கள்: ‘இந்த மாதம் தேதி மாற்றியவை: 2 ஆர்டர், 38,000 பீஸ்’. அந்த வரியை எடுத்துவிடலாமே என்று யாராவது கேட்டு வந்தால், முதலில் அவர் எந்த ஆர்டரைக் கவனிக்கிறார் என்று பாருங்கள்.